‘இவ்வளவா?’ என்பதும் ‘மறுபடியுமா?’ என்பதும்: விலை ஏற்றம் வாடிக்கையாளர் கண்ணில் எப்படித் தெரிகிறது

விலையை ஏற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்துவிட்டால், விற்பவர்களுக்குள் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். “வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போவோம், யாருக்கும் உறைக்காது” என்பது ஒரு கட்சி. “எப்படியும் திட்டு வாங்கத்தான் போகிறோம், ஒரே தடவையில் வாங்கித் தொலைப்போம்” என்பது இன்னொரு கட்சி.

இரண்டு கட்சிக்கும் உளவியலில் ஆதாரம் இருக்கிறது என்பதுதான் இதில் வேடிக்கை. அந்த ஆதாரங்கள் ஒன்றுக்கொன்று நேர் எதிரான முடிவைச் சொல்கின்றன. ஆனாலும் இரண்டுமே சரி. எது எப்போது பொருந்தும் என்பதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

பேச்சு எளிதாக இருக்க ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு மாதச் சந்தா சேவை இருக்கிறது. இப்போதைய கட்டணம் மாதம் 100. எந்த நாட்டுப் பணம் என்பது முக்கியமில்லை. இது 120-க்குப் போயாக வேண்டும். ஒரு வழி, நான்கு ஆண்டுகளில் ஆண்டுக்கு 5 என்று ஏற்றுவது: 105, 110, 115, 120. இன்னொரு வழி, ஒரே தாவலில் 100-லிருந்து 120.

முதல் கட்சியின் ஆதாரம்

ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் 19-ஆம் நூற்றாண்டில் ஆய்வு செய்த எர்ன்ஸ்ட் வெபர், ஆட்களிடம் எடைகளைக் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். எடை எவ்வளவு கூடினால் அது கூடியதாகத் தெரிகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. கிடைத்த விடை, கூடிய அளவு மட்டும் போதாது, ஏற்கெனவே கையில் என்ன இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும் என்பது. லேசான பொருளோடு சிறிது சேர்த்தால் உடனே தெரிகிறது. அதே அளவைக் கனமான பொருளோடு சேர்த்தால் தெரிவதில்லை. குஸ்டாவ் ஃபெக்னர் 1860-இல் வெளியிட்ட நூலில் இதை ஒரு பொது விதியாக வளர்த்தெடுத்தார். உணரக்கூடிய மிகச் சிறிய மாற்றம் என்று ஒன்று உண்டு, அதற்குக் கீழே நடப்பது நமக்குத் தெரியாது என்பது அதன் சாரம்.

இதை விலைக்குப் பொருத்திப் பாருங்கள். 100-லிருந்து 105 என்பது 5 சதவீதம். 105-லிருந்து 110 என்றால் 4.8 சதவீதம்தான். கடைசிப் படியான 115-லிருந்து 120 வெறும் 4.3 சதவீதம். ஒவ்வொரு படியும் முந்தைய படியைவிடச் சிறிதாகத் தெரிய வேண்டும். ஒரே தாவலோ முழுசாக 20 சதவீதம், கண்ணில் படாமல் போக வாய்ப்பே இல்லை. ஆகவே படிகள்தான் நல்லது என்கிறது முதல் கட்சி.

இங்கே ஒரு எச்சரிக்கை. “இத்தனை சதவீதத்துக்குள் இருந்தால் யாருக்கும் தெரியாது” என்று ஒரு மந்திர எண்ணைச் சொல்பவர்களை நம்பாதீர்கள். எல்லாப் பொருளுக்கும் எல்லா ஆட்களுக்கும் பொதுவான எண் என்று ஒன்று கிடையாது. அடிக்கடி வாங்கும் பொருள் என்றால் சின்ன மாற்றமும் பிடிபடும். வருடத்துக்கு ஒரு தடவை வாங்குவது என்றால் பெரிய மாற்றம்கூட “முன்னேயும் ஏறக்குறைய இவ்வளவுதானே இருந்தது?” என்று கடந்து போகும்.

இரண்டாம் கட்சியின் ஆதாரம்

டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். அதில் நமக்கு வேண்டியவை மூன்று செய்திகள். மனிதர்கள் ஒரு தொகையை ஏதோ ஒரு புள்ளியோடு ஒப்பிட்டு லாபமா நட்டமா என்றுதான் பார்க்கிறார்கள். அடுத்து, அதே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிட நட்டம் தரும் வலி பெரியது. மூன்றாவதுதான் இந்தக் கதையில் முக்கியம்: நட்டம் கூடக் கூட, கூடுதல் வலி குறைந்துகொண்டே போகிறது. 20 நட்டமானால் வரும் வலி, 10 நட்டமானால் வரும் வலியைப் போல இரண்டு மடங்கு இல்லை, கொஞ்சம் குறைவுதான்.

ரிச்சர்ட் தேலர் 1985-இல் இதிலிருந்து ஒரு நடைமுறை முடிவை எடுத்தார். நல்ல செய்தியைப் பிரித்துப் பிரித்துக் கொடு, கெட்ட செய்தியைச் சேர்த்துக் கொடு. விலையேற்றம் கெட்ட செய்தி. அப்படியானால் சேர்த்துத்தானே கொடுக்க வேண்டும்?

இதற்குக் கணக்கும் போடலாம். கானமனும் ட்வெர்ஸ்கியும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், நட்டத் தொகையை 0.88 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் வலியின் அளவு கிடைக்கும் என்று மதிப்பிட்டார்கள். நட்டத்தின் வலி லாபத்தின் மகிழ்ச்சியைவிடப் பெரியது என்பதற்காக ஒரு பெருக்கல் எண்ணும் உண்டு. நாம் இங்கே நட்டத்தை நட்டத்தோடுதான் ஒப்பிடுகிறோம் என்பதால் அதை விட்டுவிடலாம். ஒரே தாவலான 20-க்கு இந்தக் கணக்கில் வரும் வலி ஏறக்குறைய 14. ஒரு படியான 5-க்கு வருவது 4.1. நான்கு படிகள் சேர்ந்தால் 16.5. அதாவது ஏறியது அதே 20 என்றாலும், நான்காகப் பிரித்ததால் மொத்த வலி கூடிவிட்டது. இந்த எண்களைத் துல்லியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது சோதனைக்கூடத்தில் சூதாட்டத் தேர்வுகளை வைத்துக் கிடைத்த எண். எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டத்தான் இங்கே வைக்கிறேன்.

ஆக, வெபர் ‘பிரி’ என்கிறார், தேலர் ‘சேர்’ என்கிறார்.

எங்கே பிரிகிறது?

தேலரின் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. நான்கு படிகளையும் வாடிக்கையாளர் நான்கு தனித்தனி நட்டங்களாக உணர வேண்டும். உணரவே இல்லையென்றால் 4.1 என்பது பூஜ்யம். பூஜ்யத்தை நான்கால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். வெபரின் வாதத்திலும் இப்படி ஒன்று உண்டு. படி தெரியாமல் போக வேண்டுமானால், அதை யாரும் சுட்டிக்காட்டக் கூடாது.

ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, படி எவ்வளவு பெரியது என்பது அல்ல. விலை மாறியது வாடிக்கையாளருக்கு எப்படித் தெரியவரும் என்பதே.

நூற்றுக்கணக்கான பொருட்கள் அடுக்கி வைத்திருக்கும் ஒரு கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு பொருளின் விலை சிறிது நகர்ந்தால் யாரும் கடிதம் போட்டுச் சொல்வதில்லை. வாங்குபவருக்குப் பழைய விலை நினைவிருந்தால்தான் மாற்றம் தெரியும். பெரும்பாலான பொருட்களின் விலை பெரும்பாலானவர்களுக்குத் துல்லியமாக நினைவிருப்பதில்லை. மனதில் இருப்பது ‘ஏறக்குறைய இவ்வளவு’ என்ற ஒரு வரம்புதான். புதிய விலை அந்த வரம்புக்குள் விழுந்தால், மனம் அதைப் பழைய விலையோடு சேர்த்துக்கொள்கிறது. கொஞ்ச நாளில் வரம்பே மெல்ல மேலே நகர்ந்துவிடுகிறது. அடுத்த படி புதிய வரம்போடு ஒப்பிடப்படும். இங்கே படிகள் வேலை செய்யும்.

சந்தாவின் கதையே வேறு. கட்டணத்தை மாற்றுவதற்கு முன்னால் வாடிக்கையாளருக்கு அறிவிக்க வேண்டும் என்று பெரும்பாலும் ஒப்பந்தமே சொல்லும், பல இடங்களில் சட்டமும் சொல்லும். “உங்கள் கட்டணம் 100-லிருந்து 105 ஆகிறது” என்று கடிதம் போன பிறகு, 5 சதவீதம் கண்ணுக்குத் தெரியுமா தெரியாதா என்ற கேள்விக்கே இடமில்லை. நாமே பழைய விலையையும் புதிய விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டோமே. வெபர் இங்கே உதவிக்கு வர மாட்டார். தேலர்தான் வந்து நிற்பார்.

அதோடு இன்னொரு செலவும் சேர்கிறது. சந்தாதாரர்களில் ஒரு பகுதியினர் சந்தா இருப்பதையே மறந்திருப்பார்கள். பணம் மாதாமாதம் தானாகப் போய்க்கொண்டிருக்கும், சேவையை அதிகம் பயன்படுத்த மாட்டார்கள். விலையேற்றக் கடிதம் அவர்களைத் தட்டி எழுப்பிவிடுகிறது. “இதற்கு இன்னும் பணம் கட்டிக்கொண்டா இருக்கிறேன்?” என்ற கேள்வி வருகிறது. இவர்கள் விலகுவதற்குக் காரணம் அந்த 5 அல்ல. ஏற்றம் 2 ஆக இருந்தாலும் எழுந்திருப்பார்கள், 20 ஆக இருந்தாலும் எழுந்திருப்பார்கள். நான்கு படிகள் என்றால் நான்கு தடவை எழுப்புகிறோம். மறந்து கிடப்பவர்களிடம் பணம் வாங்கிக்கொண்டே இருப்பது நியாயமா என்பது வேறு விவாதம். கணக்கில் இது இருக்கிறது என்பதை மறைக்க முடியாது.

இதனால்தான், அறிவிப்போடு வரும் மிகச் சிறிய, அடிக்கடியான ஏற்றம்தான் எல்லாவற்றிலும் மோசமான வழி என்று நினைக்கிறேன். கிடைக்கும் பணம் கொஞ்சம், எழுப்பப்படும் ஆட்கள் முழு எண்ணிக்கை.

இரண்டு வகைப் புகார்

வாடிக்கையாளர் சேவையில் உட்கார்ந்து வரும் புகார்களைப் படித்தால் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். பெரிய தாவலுக்குப் பிறகு வரும் புகாரின் சாரம் ‘இவ்வளவா?’ என்பது. அதில் தொகை இருக்கும், சதவீதம் இருக்கும், போட்டியாளரின் விலையும் பல நேரம் இருக்கும். படிகளின் மூன்றாவது, நான்காவது ஏற்றத்துக்குப் பிறகு வருவது ‘மறுபடியுமா?’ என்பது. இதில் தொகையைக் காண்பதே அரிது. “போன வருடமும் ஏற்றினீர்கள், அதற்கு முந்தின வருடமும் ஏற்றினீர்கள்” என்று எண்ணிக்கைதான் இருக்கும்.

‘இவ்வளவா?’ என்பவரிடம் பேசலாம். செலவு இவ்வளவு கூடியது, சேவையில் இன்னின்னது சேர்ந்தது என்று தொகைக்குக் காரணம் சொல்லலாம். குறைந்த விலைத் திட்டம் ஒன்றைக் காட்டலாம். ‘மறுபடியுமா?’ என்பவரிடம் சொல்வதற்கு நம் கையில் அதிகம் இல்லை. அவருடைய கவலை இந்த 5 பற்றியது அல்ல, அடுத்து வரப்போகும் 5 பற்றியது. “இது எங்கே போய் நிற்கும்?” என்பதுதான் அவர் உண்மையில் கேட்பது.

காரணம் சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. கானமன், நெட்ச், தேலர் மூவரும் 1986-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பனிப்புயலுக்கு மறுநாள் காலை ஒரு கடை 15 டாலர் பனி மண்வெட்டியை 20 டாலருக்கு விற்றது நியாயமா என்று கேட்டார்கள். 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். அதே ஆய்வு, விற்பவரின் செலவு கூடியதால் ஏறும் விலையைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள் என்றும் காட்டியது. அளவைவிடக் காரணம் முக்கியம் என்று தெரிகிறது. ஒரு பெரிய தாவலுக்கு ஒரு நல்ல காரணம் போதும். நான்கு படிகளுக்கு நான்கு காரணங்கள் வேண்டும். முதல் வருடம் “செலவு கூடிவிட்டது” என்று எழுதலாம். மூன்றாம் வருடமும் அதே வாக்கியத்தை எழுதினால், படிப்பவர் அதைக் காரணமாக எடுத்துக்கொள்வதில்லை, சடங்காக எடுத்துக்கொள்கிறார்.

தாவல் எப்போது என்பதும் கேள்விதான்

‘படியா, தாவலா’ என்று பேசும்போது பலரும் விட்டுவிடும் ஒன்று, தாவல் எந்த ஆண்டில் நடக்கிறது என்பது. நம் கணக்குக்குத் திரும்புவோம். நான்கு ஆண்டுகள், அதாவது 48 மாதங்கள்.

முதல் ஆண்டின் தொடக்கத்திலேயே 120 ஆக்கிவிட்டால், ஒரு வாடிக்கையாளர் நான்கு ஆண்டுகளில் கட்டும் மொத்தம் 5,760. படிப்படியாக ஏற்றினால் 5,400. மூன்று ஆண்டுகள் 100-லேயே வைத்திருந்து நான்காம் ஆண்டு 120-க்குத் தாவினால் 5,040.

மூவருமே கடைசியில் 120-இல்தான் நிற்கிறார்கள். ஆனால் மூன்றாவது ஆள் படி ஏறியவரைவிட 360 குறைவாகக் கட்டியிருக்கிறார். அவருக்குத்தான் மற்ற இருவரையும்விட நல்ல காலம். ஆனாலும் கோபம் அவரிடம்தான் அதிகம் இருக்கும்.

ஏன்? மூன்று ஆண்டுகள் ஒரே விலையைக் கட்டினால், அந்த விலை மனதில் கல்வெட்டாகிவிடுகிறது. 100 என்பது ‘இப்போதைய விலை’ என்ற நிலையிலிருந்து ‘இதன் விலை’ என்ற நிலைக்குப் போய்விடுகிறது. விற்பவர் பொறுத்துக்கொண்ட மூன்று ஆண்டுகளை வாடிக்கையாளர் சலுகையாகக் கணக்கு வைப்பதில்லை. அவருக்கு அது இயல்பு நிலை. “இத்தனை வருடம் ஏற்றாமல் இருந்தோமே” என்று அறிவிப்புக் கடிதத்தில் எழுதுவது பலரும் செய்வது. கடிதத்தைப் படிப்பவர் அதை “இத்தனை வருடம் 100-க்குத் தர முடிந்ததே, இப்போது மட்டும் என்ன?” என்று திருப்பிக் கேட்பார்.

படிகளுக்கு இந்த இடத்தில் ஓர் உண்மையான அனுகூலம் உண்டு. விலை அவ்வப்போது நகரும் என்று வாடிக்கையாளரைப் பழக்கி வைக்கிறது. இதை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் அனுகூலம் இன்னும் கூடும். “ஒவ்வோர் ஆண்டும் தொடக்கத்தில் கட்டணம் 5 கூடும், நான்காம் ஆண்டில் 120-இல் நிற்கும்” என்று சேரும்போதே எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால், ஒப்பிடும் புள்ளியே மாறிவிடுகிறது. அடுத்த ஆண்டு 105 வரும்போது அவர் அதை 100-ஓடு ஒப்பிடுவதில்லை, தான் எதிர்பார்த்த 105-ஓடு ஒப்பிடுகிறார். படி தெரிகிறது, ஆனால் நட்டமாகத் தெரிவதில்லை. நீண்ட கால வாடகை ஒப்பந்தங்களில் ஆண்டு உயர்வை முதலிலேயே எழுதி வைப்பது இப்படித்தான் வேலை செய்கிறது. முக்கியமான சொல் ‘நிற்கும்’ என்பது. முடிவு தெரிந்த படிகளுக்கு ‘மறுபடியுமா?’ அதிகம் வருவதில்லை.

இரண்டு நிறுவனங்கள்

நெட்ஃபிளிக்ஸ் இரண்டு வழிகளையும் முயன்று பார்த்த நிறுவனம். 2011 ஜூலையில், அமெரிக்காவில் இணைய ஒளிபரப்பும் தபாலில் வரும் டிவிடியும் சேர்ந்த 9.99 டாலர் திட்டத்தை இரண்டாகப் பிரித்தது. ஒவ்வொன்றும் 7.99 டாலர். இரண்டும் வேண்டும் என்பவருக்கு 15.98. அதாவது ஒரே நாளில் 60 சதவீதம். அந்த ஆண்டின் மூன்றாம் காலாண்டில் அமெரிக்காவில் சுமார் 8 லட்சம் சந்தாதாரர்கள் குறைந்தார்கள். எல்லாப் பழியையும் விலை மேல் போட முடியாது. டிவிடி சேவையைத் தனிப் பெயரில் பிரிக்கப் போவதாகச் செப்டம்பரில் அறிவித்து, பிறகு அதைக் கைவிட்ட குழப்பமும் அதே காலாண்டில்தான் தொடங்கியது.

அடுத்து 2014-இல் அந்த நிறுவனம் படி வழிக்கு வந்தது. புதிதாகச் சேர்பவர்களுக்கு மட்டும் 7.99-லிருந்து 8.99. ஏற்கெனவே இருப்பவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் பழைய விலையே. பெரிய எதிர்ப்பு இல்லை. 2015-இல் புதியவர்களுக்கு 9.99 ஆயிற்று. அப்போதும் பழையவர்கள் 7.99-இல்தான் இருந்தார்கள். கேட்பதற்குப் பெருந்தன்மையான ஏற்பாடு.

2016-இல் இரண்டு ஆண்டு வாக்குறுதி முடிந்தது. பழையவர்களில் அதே திட்டத்தில் தொடர விரும்பியவர்கள் 9.99-க்கு வர வேண்டியதாயிற்று. நிறுவனத்தின் பார்வையில் அது ஒரு டாலர், ஒரு டாலராக ஏறிய இரண்டு சிறிய படிகள். பழைய சந்தாதாரரின் பார்வையில் அது 7.99-லிருந்து 9.99, அதாவது 25 சதவீத ஒற்றைத் தாவல். அந்த இரண்டாம் காலாண்டில், விலகியவர்கள் போக நிகரமாக 25 லட்சம் சந்தாதாரர்கள் கூடுவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் ஏறக்குறைய 17 லட்சம் பேர்தான் கூடினார்கள். பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில் நிறுவனம், விலகல் சற்றுக் கூடியதாகவும், முன்பே சொன்ன சலுகை முடிவதைச் சிலர் புதிய விலையேற்றம் என்று எடுத்துக்கொண்டதாகவும் விளக்கியது.

இந்த இரண்டாவது கதைதான் எனக்கு அதிகம் பிடித்தது. படி என்பது விற்பவரின் விலைப் பட்டியலில் இருப்பது அல்ல, ஒவ்வொரு வாடிக்கையாளரும் தான் கடைசியாகக் கட்டிய தொகையிலிருந்து எண்ணுவது. பழையவர்களுக்கு விலையை நிறுத்தி வைத்து அன்பு காட்டும் ஒவ்வொரு நாளும், அவர்களுக்கான தாவல் பெரிதாகிக்கொண்டிருக்கிறது.

தாவல் என்றாலே தோல்வி என்று நினைத்துவிடக் கூடாது. அமேசான் பிரைம் அமெரிக்காவில் 2005-இல் ஆண்டுக்கு 79 டாலருக்குத் தொடங்கியது. 2014-இல் 99, 2018-இல் 119, 2022-இல் 139. ஒவ்வொன்றும் 20 டாலர் தாவல். முதல் ஏற்றத்துக்கு ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தது, பிறகு நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை. தொகை அதேதான் என்றாலும் சதவீதம் 25, 20, 17 என்று இறங்கிக்கொண்டே வந்தது. ‘மறுபடியுமா?’ என்று கேட்க முடியாத அளவுக்கு இடைவெளி இருந்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் சேவையில் ஏதாவது சேர்ந்திருந்ததால் ‘இவ்வளவா?’ என்பதற்கும் பதில் கையில் இருந்தது.

எண்ணின் முதல் இலக்கத்தைப் பற்றியும் ஒரு வரி. 91-லிருந்து 96 போவதைவிட 96-லிருந்து 101 போவது பெரிதாகத் தெரியும், இரண்டும் 5தான் என்றாலும். நாம் எண்ணை இடமிருந்து வாசிக்கிறோம், முதலில் கண்ணில் படும் இலக்கம் மனதில் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே நான்கு படிகளில் ஒரு படியில் முதல் இலக்கம் மாறுகிறது என்றால், அது மற்ற மூன்றைப் போல அமைதியாகக் கடந்து போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எத்தனை பேர் போனால் தாங்கும்?

விலை ஏறினால் சிலர் போவார்கள். எத்தனை பேர் வரை போகலாம் என்பதை ஏற்றுவதற்கு முன்னாலேயே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால், பத்துப் பேர் விலகினாலே பயம் வந்துவிடும். அல்லது நூறு பேர் விலகினாலும் அலட்சியம் வந்துவிடும்.

நம் சேவைக்கு 1,000 சந்தாதாரர்கள், ஒருவருக்குச் சேவை தர மாதம் 60 செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஒருவரிடமிருந்து 40 மிஞ்சுகிறது, மொத்தம் 40,000. விலை 120 ஆனால் ஒருவரிடம் 60 மிஞ்சும். அதே 40,000 வருவதற்கு 667 பேர் போதும். 333 பேர் வரை போனாலும் முன்பைவிடக் குறையாது. விலை 105 மட்டும் ஆனால் ஒருவரிடம் 45 மிஞ்சும், 889 பேர் வேண்டும். 111 பேர் வரைதான் தாங்கும். சூத்திரமாகச் சொன்னால், ஏறிய தொகையை, ஏறிய பிறகு ஒருவரிடம் மிஞ்சும் தொகையால் வகுத்தால், சந்தாதாரர்களில் எவ்வளவு பங்கு போகலாம் என்பது கிடைக்கும்.

சின்னப் படிக்குத் தாங்கும் திறனும் சின்னதாக இருக்கிறது, கவனித்தீர்களா? மறந்து கிடந்தவர்கள் படியின் அளவைப் பார்த்து எழுந்திருப்பதில்லை என்று மேலே பார்த்தோம். அப்படியானவர்கள் 1,000 பேரில் 120 பேர் இருந்து, அத்தனை பேரும் முதல் கடிதத்திலேயே விலகினால், 5 ஏற்றியது நட்டத்தில் முடியும். அதே 120 பேர் 20 தாவலில் விலகியிருந்தால் லாபம் தாராளமாக இருந்திருக்கும். படி பாதுகாப்பானது என்ற பொது நம்பிக்கை இந்த இடத்தில்தான் இடறுகிறது.

மாறாக, எல்லோரும் விழிப்போடு தினமும் பயன்படுத்தும் சேவை, பக்கத்திலேயே 110-க்குப் போட்டியாளர் ஒருவர் இருக்கிறார் என்றால் 120-க்குத் தாவுவது ஆபத்து. 105 அவரைத் தாண்டவில்லை, 110 அவரோடு சமம். 115-க்குப் போவதற்குள் அவரும் ஏற்றுகிறாரா என்று பார்த்துக்கொள்ளலாம். படிகள் தரும் மிகப் பெரிய வசதி இதுதான்: நடுவில் நிறுத்திக்கொள்ள முடியும். தாவிய பிறகு இறங்கி வருவது, முதலில் ஏற்றியது தவறு என்று ஊரறியச் சொல்வதாகிவிடும்.

ஏற்றிய பிறகு எதைப் பார்ப்பது?

தாவலின் விளைவு சீக்கிரம் தெரிந்துவிடும். அறிவிப்பு போன நாளிலிருந்து புதிய கட்டணத்தின் முதல் ரசீதுக்கு அடுத்த சில வாரங்கள் வரை விலகல் திடீரென்று உயரும், பிறகு வழக்கமான அளவுக்கு இறங்கும். வழக்கத்துக்கு மேல் போனவர்களை மட்டும் எண்ணி 333-ஓடு ஒப்பிட்டால் போதும். சில மாதங்களுக்குப் பிறகும் வழக்கமான அளவுக்கு இறங்கவில்லை என்றால், கோபம் அடங்கவில்லை என்பதைவிட, புதிய விலைக்கு அந்தச் சேவை பெறுமானம் இல்லை என்று ஆட்கள் நிதானமாக முடிவு செய்துகொண்டிருக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

படிகளில் ஏமாறுவது எளிது. ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்ன மேடு வரும். தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் பொருட்படுத்த வேண்டாதது போலத் தெரியும். நான்கு மேடுகளையும் கூட்டிப் பார்க்க யாரும் உட்காருவதில்லை, ஏனென்றால் நடுவில் மூன்று வருடங்கள் ஓடியிருக்கும், கணக்குப் பார்க்கும் ஆள்கூட மாறியிருப்பார். அதோடு, விலகாமலேயே சுருங்குபவர்களும் உண்டு. கீழ்த் திட்டத்துக்கு மாறுவார்கள், கூடுதல் வசதிகளை ஒவ்வொன்றாகக் கைவிடுவார்கள். விலகல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள். ஒரு சந்தாதாரரிடமிருந்து சராசரியாக வரும் தொகை, நாம் ஏற்றிய அளவுக்கு ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் பிடிபடும். விலை 5 ஏறியும் சராசரி 2தான் ஏறியது என்றால், மீதி 3 எங்கேயோ சத்தமில்லாமல் கசிந்திருக்கிறது.

இன்னொரு கூட்டம், நடுவில் விட்டுப்போய்த் திரும்பி வருபவர்கள். 100 கட்டியபோது போனவர் மூன்று வருடம் கழித்து வந்து பார்த்தால் அவருக்கு 115 என்பது ஒரே தாவல். நாம் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய படி எதுவும் அவர் கண்ணில் பட்டிருக்காது. திரும்பி வருபவர்களை நம்பியிருக்கும் தொழில் என்றால் படிகளின் பலன் பாதிதான்.

படிகளைத் தொடரலாமா என்பதற்கு நான் முதலில் பார்ப்பது மேடுகளின் வரிசையை. முதல் ஏற்றத்துக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக 40 பேர் போனார்கள், இரண்டாவதற்கு 25, மூன்றாவதற்கு 15 என்றால், ஆட்கள் பழகிக்கொண்டிருக்கிறார்கள். நான்காவது படியைத் தைரியமாக எடுத்து வைக்கலாம். மாறாக 15, 25, 40 என்று வளர்ந்துகொண்டே போனால், அவர்கள் தொகையைப் பார்ப்பதை விட்டுவிட்டு எத்தனையாவது தடவை என்று எண்ணத் தொடங்கிவிட்டார்கள். அந்த நிலையில் நான்காவது படியை 5-லிருந்து 3-ஆகக் குறைப்பதில் பலன் இல்லை, 3-க்கும் அதே ‘மறுபடியுமா?’தான் வரும். அதை இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டு, “அதுவரை விலை மாறாது” என்று இன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுவதுதான் மேல்.